அளவு ஜாக்கெட் சொல்லாத அளவு

தையல் டேப்பின் நீளம் 60 அங்குலம். சென்டிமீட்டரில் 150. இடுப்புச் சுற்று அதற்கு மேல் இருக்கிற பெண்ணை அளக்கும்போது டேப்பின் இரண்டு முனைகளும் ஒன்றையொன்று தொடாது. தையல்காரர் டேப் முடிந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு, மிச்சத்தைத் தனியாக அளந்து கூட்டிச் சொல்வார். கண் இமைக்கும் நேரத்து வேலைதான். ஆனாலும் அந்த நேரத்தைக் கடந்து வந்த பெண்கள் பலர் அதன்பிறகு உடம்பில் டேப் வைக்கவே விடுவதில்லை. "பழைய ஜாக்கெட்டையே வச்சுத் தச்சுக்கிடுங்க" என்று பையில் ஒரு அளவு ஜாக்கெட்டைப் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். பெரிய உடம்புக்குத் துணி சேராமல் போவதில் பாதிக் காரணம் அந்தப் பைக்குள் இருக்கிறது. மீதிப் பாதி ஜவுளிக்கடையில் இருக்கிறது.

பாளையங்கோட்டையில் வீட்டிலேயே மெஷின் போட்டுத் தைக்கிறவள் நான். ரெடிமேட் கடையில் அளவு கிடைக்காமல் என்னிடம் வருகிற பெண்கள் நிறைய. தைராய்டு, மாத்திரை, பிள்ளைப்பேறு, பரம்பரை என்று உடம்பு பெருத்ததற்குக் காரணம் ஆளுக்கு ஆள் மாறும். தைக்கிறவளுக்கு அந்தக் காரணம் தேவையில்லை. அளவு மட்டும் போதும். எல்லா உடுப்பையும் பற்றி விரித்துப் பேசாமல் சேலை ஜாக்கெட்டையே முக்கியமாக எடுத்துக்கொள்கிறேன். சுடிதாரைத் தொளதொளவென்று போட்டுக்கொள்ளலாம், வீட்டில் நைட்டியோடு இருந்துவிடலாம். ஜாக்கெட் தோலோடு ஒட்டி நிற்கிற உடுப்பு. ஆவணியும் தையும் பிறந்து கல்யாண வீடுகள் வரிசையாக வந்தால் அதைத் தவிர்க்கவும் முடியாது.

செட்டுக்கு வெளியே

முதலில் கடை. வண்ணார்பேட்டையிலும் டவுண் ரத வீதிகளிலும் சுடிதார் டாப் எடுக்கப் போகிற பெரிய உடம்புக்காரப் பெண்ணுக்கு, அவர் வாய் திறப்பதற்கு முன்பே பதில் வந்துவிடுவது உண்டு. "உங்க சைஸ் இருக்காதுக்கா, மெட்டீரியலா எடுத்துக்கிடுங்க." விற்கிற பிள்ளை புண்படுத்த நினைத்துச் சொல்வதில்லை. இல்லாததைத் தேடி அலைய வேண்டாமே என்றுதான் சொல்கிறாள். ஆனால் அது நாலு பேர் காதில் விழுகிறது. கூட வந்த மகள் தலையைக் குனிந்துகொள்கிறாள். வாங்க வந்தவர் அதன்பிறகு தனக்கென்று எதையும் பார்க்காமல், பிள்ளைகளுக்கும் வீட்டுக்காரருக்கும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார். தீபாவளிக்கு வீட்டில் எல்லாருக்கும் புதுத் துணி இருக்கும், அம்மாவுக்கு மட்டும் சேலையோடு நின்றுவிடும். "அம்மைக்கு இதெல்லாம் பிடிக்காது" என்று வீட்டார் நம்பத் தொடங்குவார்கள். அம்மையும் மறுத்துச் சொல்ல மாட்டார்.

கடையில் ஏன் இல்லை என்பதற்குக் காரணம் மொத்த வியாபாரத்தில் இருக்கிறது. ரெடிமேட் டாப்புகள் பெரும்பாலும் செட்டாகத்தான் விற்பனைக்கு வருகின்றன. ஒரு டிசைனில் எம், எல், எக்ஸ்எல், டபுள் எக்ஸ்எல் என்று அளவுக்கொன்று வைத்து ஒரு கட்டு. பரவலாக வழங்கும் கணக்கில் இவை 38, 40, 42, 44 அங்குலம். கடைக்காரர் கட்டைப் பிரித்துப் பெரிய அளவை மட்டும் கேட்க முடியாது. அதற்கு மேற்பட்ட அளவுகளைத் தனிக் கட்டாகப் போடுகிற கம்பெனிகள் உண்டு. அதில் துணி கூடுதலாகப் போகும், டிசைன்கள் குறைவாக இருக்கும், விலையும் ஏறும். விற்குமோ விற்காதோ என்று பயந்து கடைக்காரர் அதைத் தொடுவதில்லை. கடையில் இல்லாததால் வாங்குகிறவர்கள் வருவதை நிறுத்துகிறார்கள். வராததைப் பார்த்து, இந்த அளவுக்குக் கிராக்கி இல்லை என்று கடை முடிவுகட்டுகிறது.

இந்த எண்களிலும் ஒரு சிக்கல் உண்டு. 44 என்பது சில கம்பெனிகளுக்குத் துணியின் சுற்றளவு, சிலவற்றுக்கு உடம்பின் சுற்றளவு. துணி 44 என்றால் 42 உடம்புக்குத்தான் வசதியாக இருக்கும். போன வருசம் ஒரு கடையில் டபுள் எக்ஸ்எல் சேர்ந்தது, இந்த வருசம் இன்னொரு கடையில் அதே எழுத்துள்ள டாப் அக்குளில் மாட்டிக்கொண்டது என்றால் உடம்பு பெருத்துவிட்டது என்று அர்த்தமில்லை. நமக்கென்று பொதுவான அளவுப்பட்டியல் இல்லாததால், வெளிநாட்டுப் பட்டியல்களைத் தழுவி ஒவ்வொரு கம்பெனியும் தனக்கொரு கணக்கு வைத்திருக்கிறது. இதைச் சரிசெய்யத்தான் மத்திய ஜவுளி அமைச்சகமும் நிஃப்ட் என்கிற ஃபேஷன் கல்வி நிறுவனமும் சேர்ந்து, 15 முதல் 65 வயது வரையிலான 25,000-க்கும் மேற்பட்டவர்களை முப்பரிமாண ஸ்கேனரில் அளக்கும் ‘இந்தியாசைஸ்’ திட்டத்தைக் கையில் எடுத்தன. அது கடைத் தட்டு வரை வந்து சேர்ந்தால் எண்களாவது ஒழுங்குக்கு வரும்.

எலும்பு பெருப்பதில்லை

எண்கள் ஒழுங்கானாலும் தீராத ஒன்று இருக்கிறது. அதுதான் இந்த விஷயத்தின் மையம். மார்பு 36 இருந்த ஒரு பெண் பத்து வருசத்தில் 50 ஆகிறார் என்று வைத்துக்கொள்வோம். 14 அங்குலம் கூடியிருக்கிறது. இதில் தோளின் அகலம் எவ்வளவு கூடியிருக்கும்? தோளெலும்பு அதே எலும்புதான். மேலே சதை போட்டு அரை அங்குலம், மிஞ்சிப்போனால் ஓர் அங்குலம் கூடியிருக்கும். கழுத்தும் கிட்டத்தட்ட அப்படித்தான். கூடியதெல்லாம் மார்பிலும் வயிற்றிலும் முதுகின் கீழ்ப்பகுதியிலும் மேல்கையிலும் இருக்கும்.

கம்பெனிக்காரர்கள் நடு அளவு ஒன்றை வரைந்து, அதிலிருந்து ஒவ்வோர் அளவுக்கும் எல்லாப் பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போகிறார்கள். நாலு அளவு வரைக்கும் இது தாங்கும். அதற்கு மேலே போகப் போகத் தோள் தேவைக்கு மேல் அகன்றுவிடும், மேல்கை தேவைக்குக் குறைவாகவே நிற்கும். அதனால்தான் பெரிய அளவு டாப்பைப் போட்டுப் பார்க்கிற பெண் ஒரே நேரத்தில் இரண்டு குறை சொல்கிறார்: தோள் சரிகிறது, கை பிடிக்கிறது. இன்னும் ஒரு அளவு மேலே போனால் கை கொஞ்சம் இளகும், தோள் இன்னும் சரியும். அந்த வழியில் எத்தனை தூரம் போனாலும் சரியான துணி வராது.

தையல்காரரிடம் போனால் தீர்ந்துவிடும் என்று நினைப்போம். அங்கேயும் இதே தவறுதான் வேறு உருவத்தில் காத்திருக்கிறது. மார்புச் சுற்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அதிலிருந்து கணக்குப் போடுகிற வழக்கம் தையல் வகுப்புகளில் சொல்லிக்கொடுப்பது. மார்பை ஆறால் வகுத்தால் அக்குள் இறக்கம். பன்னிரண்டால் வகுத்தால் கழுத்தின் அரை அகலம். 36 மார்புக்கு இறக்கம் 6 அங்குலம், கழுத்து 3 அங்குலம் என்று அழகாக வரும். அதே கணக்கை 50-க்குப் போட்டால் இறக்கம் 8 அங்குலத்தைத் தாண்டும், கழுத்து முழு அகலத்தில் 8 அங்குலத்துக்கு மேல் போகும். அந்தக் கழுத்து எந்தத் தோளிலும் நிற்காது.

அக்குள் இறக்கம் கூடினால் கைக்கு வசதி என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். உண்மையில் நேரெதிராக நடக்கிறது. அக்குள் வெட்டு கீழே இறங்க இறங்க, கையும் விலாவும் சேர்கிற இடம் உடம்பின் மூட்டிலிருந்து விலகிப் போகிறது. பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்கினால் கை மட்டும் எழும்பாமல் ஜாக்கெட் முழுவதையும் மேலே இழுத்துக்கொண்டு எழும்பும். கீழ்ப்பட்டி மார்பின் மேல் ஏறிவிடும். அதை இழுத்து இறக்கிவிட்டுக்கொண்டே இருக்கிற பெண்களை எந்தப் பஸ்ஸிலும் பார்க்கலாம். அவர்கள் ஜாக்கெட் இறுக்கம் என்று நினைத்து அடுத்த முறை அக்குளை இன்னும் இறக்கச் சொல்வார்கள்.

மைனியின் ஜாக்கெட்

என் மைனி பள்ளிக்கூட ஆசிரியை. கரும்பலகையில் எழுதக் கையை உயர்த்த வேண்டிய வேலை. வலது அக்குளில் தையல் விட்டுப்போவது அவளுக்கு வாடிக்கை. வகுப்பில் சேலைத் தலைப்பை முதுகைச் சுற்றிக் கொண்டுவந்து வலது கையை மூடிக்கொண்டுதான் எழுதுவாள். பிள்ளைகள் அதைப் பார்த்து மரியாதைக்கு என்று நினைத்திருப்பார்கள்.

அவளுக்கு நானே தைக்கிறேன் என்றபோது அளவு ஜாக்கெட்டைத்தான் நீட்டினாள். "டேப் வச்சிரட்டா மைனி?" என்று கேட்டேன். "வேண்டாம்ட்டி, இத வச்சே தச்சிரு. அந்த நம்பரக் கேக்க எனக்கே பிடிக்கல" என்றாள். அந்தச் சொல் என்னை ரொம்ப நேரம் வாட்டியது. தெற்குப் பஜாரில் ஒரு கடையில் தையல்காரர் அளவை உரக்கச் சொல்ல, உள்ளே உட்கார்ந்திருந்த பையன் அதைத் திருப்பி உரக்கச் சொல்லி எழுதிக்கொண்டான் என்றும், வரிசையில் நின்ற பக்கத்து வீட்டுக்காரி திரும்பிப் பார்த்தாள் என்றும் பிறகு சொன்னாள். அதிலிருந்து யார் வீட்டுக் கல்யாணத்துக்கும் புது ஜாக்கெட் தைக்கக் கடைக்குள் அவள் நேரில் போனதில்லை. பை மட்டும் போகும்.

அந்த அளவு ஜாக்கெட்டைத் தரையில் விரித்து அளந்தேன். மார்பு 46. கை, தைத்த சுற்று 16. தோள் 17. அது அவள் உடம்பின் அளவே இல்லை. சில வருசத்துக்கு முந்தைய உடம்பும், அதைத் தைத்தவரின் தவறும், துவைத்துத் துவைத்து இழுத்துப்போன துணியும் சேர்ந்த அளவு. அடுத்தடுத்த தையல்காரர்கள் அதைப் பார்த்துத் தைக்கும்போது, ஒரு சுற்று பிரித்துவிட்டால் போதும் என்று பக்கத்தையல் மட்டும் கூட்டியிருக்கிறார்கள். தோள் 17 என்கிற பிழை ஒவ்வொரு ஜாக்கெட்டிலும் அப்படியே வந்துகொண்டிருந்தது.

கதவைச் சாத்திவிட்டு, அவளே எழுதிக்கொள்ளும்படி நோட்டும் பேனாவும் கையில் கொடுத்து அளந்தேன். நான் எண்ணைச் சொல்லவில்லை, டேப்பைக் காட்டினேன், அவள் எழுதினாள். ஜாக்கெட்டுக்குள் வழக்கமாகப் போடுகிற உள்ளாடையோடுதான் அளக்க வேண்டும். அது மாறினால் மார்பு நிற்கும் இடமே மாறும். எடுத்த அளவுகளில் இரண்டு முக்கியமானவை. ஒன்று, மேல்மார்புச் சுற்று. டேப்பை இரண்டு அக்குளுக்கும் அடியில் கொடுத்து, மார்பின் மேட்டுக்கு மேலாகச் சுற்றி எடுப்பது. அவளுக்கு 45. இரண்டு, நிறைமார்புச் சுற்று, மார்பின் முழுமேட்டில் எடுப்பது. அது 50. கூடவே மார்புக்கு அடிச்சுற்று 43, தோள் எலும்பு முனையிலிருந்து முனை வரை 15, மேல்கையின் பருத்த இடம் 18.

கையை இரண்டு பக்கமும் தனித்தனியாக அளக்க வேண்டும். வேலை செய்கிற கை கொஞ்சம் பெருத்திருப்பது சகஜம். மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை செய்து அக்குள் நிணநீர் முடிச்சுகளை எடுத்தவர்களுக்கு அந்தப் பக்கத்துக் கை வீங்குவதுண்டு. அவர்களுக்குக் கை பிடிக்கவே கூடாது. இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் இரண்டு கையும் ஒரே அளவில் வெட்டிக் கொடுப்பது அவர்களுக்குத் தொல்லையாகவே முடியும்.

மேல்மார்பு 45, நிறைமார்பு 50. இந்த 5 அங்குல வித்தியாசம்தான் மைனியின் உடம்பைப் பற்றி எனக்கு எல்லாவற்றையும் சொன்னது. தோள், கழுத்து, அக்குள் எல்லாம் எலும்புக்கு அருகில் இருப்பவை. அவற்றை நேரில் அளந்ததற்கே வெட்ட வேண்டும், சந்தேகம் வந்தால் 45-ஐ வைத்துப் பார்க்க வேண்டும். கூடுதல் 5 அங்குலமும் முன்பக்கத்துக்கே உரியது. வழக்கப்படி 50-ஓடு ஒன்றரை அங்குல லூஸ் சேர்த்து, 51½-ஐ முன்னும் பின்னும் சமமாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 25¾ வரும். முதுகில் துணி தொங்கும், முன்னால் ஹூக்குக்கு இடையில் வாய் பிளக்கும். நான் முதுகுக்கு 23½-ம் முன்பக்கத்துக்கு 28-ம் வைத்தேன். முன்பக்கத்தில் கூடியதை மார்புக்குக் கீழே ஆழமான டாட்டாக, அதாவது உள்ளே மடித்து முனை கூரக்கித் தைக்கிற மடிப்பாகப் பிடித்து அடிச்சுற்றுக்குக் கொண்டுவந்தேன். டாட் ஆழமாக இருந்தால் முனை கூம்பித் தெரியும் என்பதால் ஒரே டாட்டாக இல்லாமல் கீழே ஒன்றும் பக்கத்தில் ஒன்றுமாகப் பிரித்தேன்.

அடுத்தது கை. லைனிங் வைத்த காட்டன் துணி இழுபடாது. 18 அங்குலக் கைக்கு ஒன்றரை லூஸ் சேர்த்து 19½ வேண்டும். கையின் மேல்வளைவு அக்குள் வெட்டோடு பொருந்தி உட்கார வேண்டும், அக்குள் வெட்டின் சுற்று 21. இங்கேதான் பெரும்பாலானவர்கள் வழி தவறுகிறார்கள். கையை அகலமாக வெட்டினால் வளைவு நீண்டு அக்குளைவிட அதிகமாகிறது. பொருத்துவதற்காகக் கையின் அகலத்தைச் சீவி எடுத்துவிடுகிறார்கள். சீவியது சரியாக அந்தப் பருத்த இடத்தில் போய் உட்காருகிறது. அகலத்தைத் தொடாமல் வளைவின் உயரத்தைக் குறைக்க வேண்டும். வளைவின் உச்சி நாலரை அங்குலம் இருக்கும்போது 21 அங்குல அக்குளுக்குப் பொருந்துகிற கை 18½ அகலம்தான் கொடுக்கும். உச்சியை மூன்றரையாக இறக்கினால் அதே அக்குளுக்கு 19½ கிடைக்கிறது. ஓர் அங்குலம் உயரத்தை விட்டுக்கொடுத்தால் ஓர் அங்குலம் அகலம். பதிலுக்கு, கையைத் தொங்கவிடும்போது அக்குளுக்கு அருகில் இரண்டு மடிப்பு விழும். கை தூக்க முடிகிற ஜாக்கெட்டில் அந்த மடிப்பு இருக்கத்தான் செய்யும். அதைக் குறையென்று எடுத்துவிடக் கூடாது.

லைனிங் துணியில் முதலில், பிறகு எளிதாகப் பிரித்துவிடலாம் என்கிற ஓட்டுத் தையல் போட்டுக் கொடுத்தேன். போட்டுக்கொண்டு கையை உயர்த்திப் பார்த்தாள். சுவரில் கரும்பலகை இருப்பதுபோல எழுதிப் பார்த்தாள். "ஏட்டி, பட்டி மேல வரல பாரு" என்றாள். பிறகு கட்டிலில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. "இத்தன வருசமா எம் மேலதான் தப்புன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்று சொன்னாள்.

சுருக்கம் பேசும்

ஓட்டுத் தையல் போட்டுப் பார்க்கிறபோது கண்ணாடியில் என்ன பார்ப்பது என்று பலருக்குத் தெரிவதில்லை. பார்க்க வேண்டியது சுருக்கங்களை. துணி எங்கே பற்றாமல் இருக்கிறதோ அந்த இடத்தை நோக்கி இழுத்துக்கொண்டு சுருக்கம் ஓடும். அக்குளிலிருந்து மார்பு முனைக்குச் சாய்வாகக் கோடு ஓடினால் முன்பக்கத்தில் துணி போதவில்லை, டாட் ஆழம் போதவில்லை. மேல்கையைச் சுற்றிக் குறுக்குக் கோடுகள் வந்தால் கை அகலம் போதாது. கையைத் தூக்கும்போது பட்டி ஏறினால் அக்குள் இறக்கம் அதிகம். முதுகுக் கழுத்து எழும்பி நின்றால் தோளோ கழுத்தோ அகலம். இது தெரிந்துவிட்டால் தையல்காரரிடம் "இறுக்கமா இருக்கு, பிரிச்சு விடுங்க" என்று மட்டும் சொல்லாமல், எங்கே எது போதவில்லை என்று சொல்ல முடியும். பிரித்துவிடுவது பக்கத்தையலுக்குத்தான் மருந்து. தோளுக்கும் டாட்டுக்கும் அது உதவாது.

பிரித்துவிடவும் உள்ளே துணி இருக்க வேண்டும். பக்கத்தையலில் இரண்டு அங்குலம் உள்ளே விடச் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும். அரை அங்குலம் தள்ளித் தைத்தால் ஒரு பக்கத்துக்கு ஓர் அங்குலம், இரண்டு பக்கத்துக்குமாக இரண்டு அங்குலம் கிடைக்கும். கையை முதலில் பொருத்திவிட்டு, கை முனையிலிருந்து இடுப்புப் பட்டி வரை ஒரே கோடாகப் பக்கத்தையல் போட்டிருந்தால்தான் கையும் சேர்ந்து இளகும்.

எண்பது சென்டிமீட்டர் போதாது

உடம்புக்கு ஏற்ப வெட்டத் தெரிந்த பிறகும் ஒரு தடை மிச்சமிருக்கிறது. சேலையோடு வருகிற ஜாக்கெட் துணி பெரும்பாலும் 80 சென்டிமீட்டர், அதாவது 31½ அங்குலம் நீளம், 44 அங்குலத்தை ஒட்டிய அகலம். மைனியின் முதுகுத் துண்டு உள்மடிப்போடு 27½ அகலம். முன்துண்டுகள் இரண்டும் சேர்ந்து 34 அகலம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் 44-க்குள் அடங்காது, ஒன்றன்கீழ் ஒன்றாகத்தான் வைக்க வேண்டும். 15 அங்குல உயர ஜாக்கெட்டுக்கு இந்த இரண்டு வரிசைக்கே 34 அங்குல நீளம் போய்விடும். இன்னும் கை வெட்டவே இல்லை. 21½ அகலமுள்ள இரண்டு கைகளையும் மூன்றாவது வரிசையாக வைத்தால் மொத்தம் 45½ அங்குலம். ஆக 44 அகலத் துணியில் ஒன்றேகால் மீட்டர் வேண்டும். 36 அகல ஜாக்கெட் துணி என்றால் ஒன்றரை மீட்டர்.

80 சென்டிமீட்டரை வைத்துக்கொண்டு தையல்காரர் என்ன செய்வார்? ஒட்டுப் போடுவார், அல்லது எல்லாவற்றிலும் அரை அரை அங்குலம் குறைப்பார். அக்குளுக்கு அடியில் போட்ட ஒட்டு வெளியே தெரியாது, அதில் குற்றமில்லை. குறைத்துத் தைத்ததுதான் கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது அக்குளில் விட்டுப்போகும். துணி போதாது என்று வாய்விட்டுச் சொல்ல அவருக்கும் சங்கடம், கேட்க இவருக்கும் சங்கடம். அந்த மௌனத்தில்தான் ஜாக்கெட் கெடுகிறது.

சேலையின் உள்முனையிலிருந்து கொஞ்சம் வெட்டிச் சேர்க்கலாம் என்று சிலர் சொல்வார்கள். பெரிய உடம்புக்கு அந்த யோசனை ஆகாது. ஐந்தரை மீட்டர் சேலை உடம்பைக் கிட்டத்தட்ட இரண்டு சுற்றுச் சுற்றுகிறது. இடுப்புச் சுற்று 38 உள்ளவருக்கும் 54 உள்ளவருக்கும் சுற்றுக்கு 16 அங்குலம் வித்தியாசம், இரண்டு சுற்றுக்கு 32. ஒரு கொசுவ மடிப்புக்கு 10 அங்குலம் துணி என்றால் மூன்று மடிப்பு அங்கேயே போய்விட்டது. மேலும் வெட்டினால் கொசுவம் நிற்காது, நடக்கையில் கால் தட்டும். அதனால் சேலை எடுக்கும்போதே அதற்கு ஒத்த நிறத்தில் தனித் துணி ஒன்றேகால் மீட்டர் எடுத்துவிடுவதுதான் வழி. இணைந்து வந்த துணியைக் கைக்கும் கழுத்துப் பட்டிக்கும் வைத்து, உடம்புக்குத் தனித் துணியைப் போடலாம். சரிகைக் கரை கையில் தெரிந்தால் பார்ப்பவர்களுக்குச் சேலையோடு சேர்ந்த ஜாக்கெட்டாகவே இருக்கும்.

ஒல்லியானவர்களுக்கும் கடையில் இடமில்லை. மார்பு 28, 30 உள்ள வளர்ந்த பெண்களைப் பிள்ளைகள் பிரிவுக்கு அனுப்பிவிடுகிறார்கள். பூப்போட்ட ஃப்ரில் வைத்த டாப்பில் அலுவலகத்துக்குப் போக முடியாத வருத்தம் அவர்களுக்கு. ஆனால் அவர்களுக்கு உள்ளே பிடித்துத் தைக்க வழியிருக்கிறது. ஆண்களில் பெரிய உடம்புக்காரர்கள் நாலு முழம் பற்றாவிட்டால் எட்டு முழ வேட்டி கட்டிக்கொள்கிறார்கள், யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

பெண்களிடம் நான் அதிகம் கேட்கிற பேச்சு, "கொஞ்சம் கொறஞ்ச பெறகு தச்சுக்கிடுதேன்" என்பது. அப்படிச் சொல்லி வைத்த ஜாக்கெட் துணிகள் பீரோவில் வருசக்கணக்கில் கிடக்கின்றன. கல்யாண வீடு வந்ததும் அவசரமாகப் பழைய கறுப்பு ஜாக்கெட்டை எடுத்து எல்லாச் சேலைக்கும் போட்டுக்கொள்கிறார்கள். சிலர் கல்யாணத்துக்கு முந்தின நாள் தலைவலி என்று சொல்லி நின்றுவிடுகிறார்கள். போட்டோ எடுக்கும்போது பிள்ளையை மடியில் வாங்கி முன்னால் வைத்துக்கொள்கிறவர்களும் உண்டு. உடம்பு குறைவது தனி விஷயம், அதை மருத்துவரிடம் பேசட்டும். இன்றைய உடம்புக்கு இன்று உடுப்பு வேண்டும். நாளை குறைந்தால் பக்கத்தையலைப் பிடித்துக்கொள்ள இரண்டு நிமிடம் போதும். குறையும் என்று எதிர்பார்த்துச் சின்னதாகத் தைத்துவைத்தால் அந்தச் சின்ன ஜாக்கெட் பீரோவைத் திறக்கும்போதெல்லாம் அவரைக் குத்திக்கொண்டிருக்கும்.

மைனிக்கு வெட்டிய அளவை பழுப்புத் தாளில் தனியாக வெட்டிவைத்துக் கொடுத்திருக்கிறேன். முதுகு, முன், கை என்று மூன்று துண்டு. மேலே தேதி எழுதியிருக்கிறது. இனி எந்தத் தையல்காரரிடம் கொடுத்தாலும் அளவு ஜாக்கெட்டுக்குப் பதில் இந்தத் தாளைக் கொடுக்கலாம், யாரும் எண்ணை உரக்கச் சொல்ல வேண்டியதில்லை. உடம்பு ஏறினாலும் இறங்கினாலும் தாள் முழுவதையும் மாற்ற வேண்டாம். மார்பில் இரண்டு அங்குலம் வரை மாற்றம் என்றால் முன்துண்டின் டாட்டையும் பக்கக் கோட்டையும் மட்டும் திருத்தினால் போதும். கையைத் தனியாக அளந்து பார்த்து, முக்கால் அங்குலத்துக்கு மேல் மாறியிருந்தால் கைத்துண்டைப் புதிதாக வெட்ட வேண்டும். தோளும் கழுத்தும் அப்படியே இருக்கலாம்.